"நிறைய பேர் சொன்னாங்க" என்றால் எத்தனை பேர்?



முகாம் முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் நாம் எல்லாரும் ஒரு பாரம் நிரப்பியிருப்போம். "எதை மாற்ற வேண்டும்? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்" என்று அதில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கும். செயலவையில் இருப்பவர்கள் அந்தப் பாரங்களைப் படித்தும் இருப்பீர்கள். முப்பது பாரம் என்றால் உட்கார்ந்து படித்துவிடலாம். முந்நூறு வந்தால்? பத்துப் பதினைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நிறைய பேர் சாப்பாடு சரியில்லைன்னு சொல்றாங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிடுவோம். அந்த "நிறைய பேர்" எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை.

போன வருடம் என் விடுதியில் இதே மாதிரி ஒரு "நிறைய பேர்" ஒரு பஸ்ஸையே நிறுத்தப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லி, நூற்றுக்கணக்கான கருத்துகளை எப்படி வகைப்படுத்துவது, எப்படி எண்ணுவது, எண்ணியதை எப்படி நேர்மையாகச் சொல்வது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். விடுதி எது என்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்குப் போடும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

நடந்தது என்ன

எங்கள் விடுதிக்கும் வளாகத்துக்கும் இடையே இலவச பஸ் ஓடுகிறது. கடைசி பஸ் இரவு 10.30-க்கு. பஸ் சேவை பற்றி விடுதி மாணவர் குழு ஒரு கூகள் பாரம் அனுப்பியது. அதில் ஒரே ஒரு திறந்த கேள்வி: "பஸ் சேவையில் எதை மாற்ற வேண்டும்?"

குழுக் கூட்டத்தில் ஓர் அண்ணன் போனைத் திறந்து ஐந்து கருத்துகளை வாசித்தார். ஐந்துமே இரவு பஸ்ஸைப் பற்றிய புகார். "பாருங்க, நிறைய பேர் இரவு பஸ் வேண்டாம்னுதான் சொல்றாங்க. அதை நிறுத்திட்டு காலையில் இன்னொரு பஸ் கேட்கலாம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என்னிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது; நான் அந்த பஸ்ஸில் ஏறியதே இல்லை.

"தம்பி, நீ இஞ்சினியரிங்தானே, ஒரு கணக்குப் போட்டு ஸ்லைடு செஞ்சிடு" என்று வேலை என் தலையில் விழுந்தது.

முதல் தவறு: சொல்லைத் தேடியது

நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? எக்செலைத் திறந்து 'நைட் பஸ்', 'பஸ் மாலாம்' என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் தேடினேன். 61 கருத்துகள் வந்தன. "இரவு பஸ் பற்றி 61 புகார்" என்று ஸ்லைடில் எழுதியும்விட்டேன். பத்து நிமிட வேலை.

குழுவில் இறுதியாண்டு படிக்கும் ஓர் அக்கா இருக்கிறார். ஆய்வுக்கூடம் முடிந்து தினமும் அந்தக் கடைசி பஸ்ஸில்தான் வருவார். ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "அந்த 61-ஐயும் படிச்சியா?" என்று கேட்டார். படிக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து படித்தோம்.

61-இல் 6 கருத்துகள் இரவு பஸ்ஸைப் பற்றியே இல்லை. "நைட் பஸ் ஓட்டும் பாக்சிக் நல்லவர், காலையில் வருபவர் கதவைச் சீக்கிரம் மூடிவிடுகிறார்" என்பது போன்றவை அவை. மீதி 55-இலும் எல்லாம் புகார் இல்லை; "இன்னும் ஒரு பஸ் 11.30-க்கு விடுங்கள்" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இன்னொரு பக்கம், "லாஸ்ட் பஸ்", "பத்தரை மணி பஸ்", "லேப் முடிஞ்சு வர்ற பஸ்" என்று எழுதியவர்கள் என் தேடலில் சிக்கவே இல்லை. பிறகு முழுதும் படித்தபோது அப்படி விடுபட்டவர்கள் 24 பேர் என்று தெரிந்தது.

தேடல் சொற்களை எண்ணும். அந்தச் சொல்லை வைத்து எழுதியவர் என்ன கேட்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அதற்குப் படித்துத்தான் ஆக வேண்டும். நூறு நூறாக வரும் கருத்துகளை ஒழுங்காகப் படிக்கும் முறைக்குத்தான் ஆய்வில் 'குறியீடு இடுதல்' என்று பெயர். ஒவ்வொரு கருத்துக்கும் அது எதைப் பற்றியது, எதைக் கேட்கிறது என்று ஒரு குறி போடுவது. கணினி நிரல் எழுதும் கோடிங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எண்ணுவதற்கு முன்: மொத்தம் எத்தனை?

முதலில் தாளைச் சுத்தமாக அமைத்தோம். ஒரு கருத்துக்கு ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எழுதியவர் எழுத்துப் பிழை விட்டிருந்தாலும் மூலத்தைத் திருத்தவில்லை. பெயரையும் அறை எண்ணையும் வேறு கோப்புக்கு மாற்றிவிட்டோம். யார் எழுதியது என்று தெரிந்தால், அவரைப் பற்றி நாம் நினைப்பது குறியிலும் கலந்துவிடும்.

பிறகு மொத்தத்தை எழுதி வைத்தோம். விடுதியில் 412 பேர். பாரம் அனுப்பியவர்கள் 346. அதில் கருத்துப் பெட்டியைக் காலியாக விட்டவர்கள் 58. மீதி 288. அந்த 288-இலும் "ஓகே", "இல்லை", வெறும் ஒரு கோடு என்று போட்டவர்கள் 34. ஆக, உண்மையில் ஏதாவது சொன்னவர்கள் 254 பேர். இந்த நான்கு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சண்டையே இவற்றை வைத்துத்தான் வரும்.

குறியீட்டு ஏடு

அடுத்து, என்னென்ன குறிகள் வேண்டும் என்று முடிவு செய்ய 60 கருத்துகளைப் படித்தோம். முதல் 60 அல்ல; கலைத்துப் போட்டு எடுத்த 60. ஏனென்றால் பாரம் வெளியான முதல் நாள் இரவு வந்தவை பெரும்பாலும் ஒரே கட்டடத்திலிருந்து வந்தவை. கூட்டத்தில் அண்ணன் வாசித்த ஐந்தும் அந்த முதல் இரவில் வந்தவைதான். அவர் ஏமாற்றவில்லை, மேலே இருந்ததை வாசித்தார்.

கலைப்பதற்குப் பக்கத்து நிரலில் இதைப் போட்டு, அதன்படி வரிசைப்படுத்தினால் போதும்:

```
=RAND()
```

ஒரு கவனம். தாளில் கை வைக்கும்போதெல்லாம் இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் அந்த நிரலை வெறும் மதிப்பாக ஒட்டிவிட்டு, பிறகு வரிசைப்படுத்துங்கள். இல்லையென்றால் எந்த 60 என்பதை மறுநாள் கண்டுபிடிக்க முடியாது.

படித்துப் பார்த்ததில் நேரம் தவறுவது, இடநெருக்கடி, காலை பஸ், இரவு பஸ், ஓட்டுநர், நிறுத்தம் என்று தலைப்புகள் தானாக வந்தன. இங்கேதான் முக்கியமான ஒரு விஷயம். 'இரவு பஸ்' என்று ஒரே குறியாக வைத்தால், வேண்டாம் என்பவரும் இன்னும் வேண்டும் என்பவரும் ஒரே கூடையில் விழுவார்கள். எண் பெரிதாகத் தெரியும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது. தலைப்பு வேறு, நிலைப்பாடு வேறு. ஆகவே அதை மூன்றாகப் பிரித்தோம்: 'நிறுத்து', 'நம்பும்படி ஓட்டு', 'கூட்டு'.

ஒவ்வொரு குறிக்கும் ஏட்டில் நான்கு வரி எழுதினோம்: குறியின் பெயர், எது இதில் சேரும், எது சேராது, ஓர் உதாரணம். 'எது சேராது' என்ற வரிதான் அதிகம் உதவியது.

எண்ணும் விதியையும் அப்போதே முடிவு செய்தோம். ஒரு கருத்து இரண்டு விஷயம் சொன்னால் இரண்டு குறி பெறலாம். ஆனால் ஒரே குறியை ஒருவர் ஒரு தடவைதான் பெறுவார். ஒரு நண்பர் ஓட்டுநரைப் பற்றி எட்டு வரி திட்டியிருந்தார். எட்டு வரி என்றாலும் அவர் ஒரு ஆள்தான். நாம் எண்ணுவது ஆட்களை, வரிகளை அல்ல. இந்த விதிகளை எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு விதி போட்டால், நமக்குப் பிடித்த விதியைத்தான் போடுவோம்.

இரண்டு பேர் தேவை

இதுவரை எல்லாம் சரி. ஆனால் குறி போடுவது நான். நானோ இரவு பஸ் தேவையில்லை என்று நினைப்பவன். அக்காவோ அந்த பஸ்ஸை நம்பி இருப்பவர். "அப்படின்னா ரெண்டு பேரும் தனித்தனியா போடுவோம், ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பார்க்கக்கூடாது" என்றார் அக்கா. வேறு ஒரு 60 கருத்துகளை எடுத்துக்கொண்டோம். வெவ்வேறு கோப்பு, வெவ்வேறு அறை.

ஒப்பிட்டுப் பார்த்தோம். 'நிறுத்து' என்ற குறியை நான் 16 இடத்தில் போட்டிருந்தேன். அக்கா 11 இடத்தில். இருவரும் சேர்ந்து போட்டது 9. இருவருமே போடாதது 42. அதாவது 60-இல் 51 இடத்தில் ஒத்துப்போயிருக்கிறோம்: 85 விழுக்காடு. நான் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான கருத்துகள் இரவு பஸ்ஸைப் பற்றியே பேசவில்லை. அங்கெல்லாம் "இல்லை" என்பதில் ஒத்துப்போவது பெரிய சாதனையா? நான் ஏதோ 16 இடத்திலும் அக்கா ஏதோ 11 இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு குறி போட்டிருந்தால்கூடச் சுமார் 65 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயல் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவுக்குக் 'கப்பா' என்று பெயர். ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-இல் இதை முன்வைத்தார். கணக்கு இவ்வளவுதான்:

```
p_o   = 51/60 = 0.85
p_e   = (16/60)(11/60) + (44/60)(49/60) = 0.65
kappa = (0.85 - 0.65) / (1 - 0.65) = 0.57
```

முதல் வரி நாங்கள் உண்மையில் ஒத்துப்போன பங்கு. இரண்டாவது, தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடிய பங்கு. மூன்றாவது, தற்செயலுக்கு மேலே நாங்கள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறோம் என்பது. முழு ஒற்றுமை என்றால் 1. தற்செயலுக்கு மேல் ஒன்றுமே இல்லை என்றால் 0. லாண்டிஸ், கோக் என்ற இருவர் 1977-இல் தந்த அளவுகோல்படி 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை நல்லது. அந்த எல்லைகள் வெறும் வழக்கம்தான், இயற்கை விதி இல்லை. ஆனாலும் என் 85 விழுக்காடு சந்தோஷம் 0.57-இல் அடங்கிவிட்டது.

எண்ணைவிட, எந்த இடத்தில் வேறுபட்டோம் என்பதுதான் பாடம். நான் மட்டும் 'நிறுத்து' என்று போட்ட இடங்கள் 7. அவற்றில் பெரும்பாலானவை இப்படி இருந்தன: "இரவு பஸ்ஸை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நான் கிரேப் எடுத்துடுவேன்." "10.30 பஸ் சும்மா பேருக்குத்தான்." நான் இதைப் படித்ததும் 'பஸ் வேண்டாம் என்கிறார்' என்று எடுத்துக்கொண்டேன். அக்கா, "இல்லடா, அவங்க பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏமாந்தவங்க. பஸ் வந்தா ஏன் கிரேப்புக்குக் காசு கொடுக்கப் போறாங்க?" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கருத்து எழுதியவரின் குரலில் நான் என் விருப்பத்தைக் கேட்டிருக்கிறேன்.

அதற்காக அக்கா சொன்னதே சரி என்றும் வைத்துவிடவில்லை. அவர் மட்டும் 'நிறுத்து' போட்ட இரண்டில் நான் தவறவிட்டது ஒன்று இருந்தது. ஏட்டில் விதியைத் திருத்தினோம்: "பஸ்ஸை நிறுத்தும்படியோ, அந்தச் செலவை வேறு எதற்காவது மாற்றும்படியோ வெளிப்படையாகக் கேட்டால் மட்டும் 'நிறுத்து'. வரவில்லை, தாமதம், நம்ப முடியவில்லை என்றால் 'நம்பும்படி ஓட்டு'."

திருத்திய விதியை அதே 60-இல் சோதிக்கக் கூடாது. விடை தெரிந்த பரீட்சையை மறுபடி எழுதுவது போல ஆகிவிடும். புதிதாக இன்னொரு 60 எடுத்தோம். இந்த முறை இருவரும் போட்டது 8, நான் மட்டும் 2, அக்கா மட்டும் 1, இருவரும் போடாதது 49. ஒற்றுமை 95 விழுக்காடு, கப்பா 0.81. அதற்குப் பிறகே, முதல் கருத்திலிருந்து 254-ஐயும் புதிய ஏட்டின்படி இருவரும் தனித்தனியாகக் குறியிட்டோம். மிச்சம் வேறுபட்ட இடங்களைப் பேசி முடிவு செய்தோம். பேசியும் தீராதவற்றை மூன்றாவது நண்பர் ஒருவரிடம் கொடுத்தோம்.

இப்போது எண்ணலாம்

ஒவ்வொரு குறிக்கும் ஒரு நிரல், குறி இருந்தால் 1, இல்லையென்றால் 0. எண்ணுவதற்கு ஒரே வரி போதும்:

```
=COUNTIF(F2:F255,1)
```

'நிறுத்து' 23 பேர். 'நம்பும்படி ஓட்டு' 41 பேர். 'கூட்டு' 19 பேர். கூட்டினால் 83 வருகிறது. ஆனால் இரவு பஸ்ஸைப் பற்றிப் பேசியவர்கள் 83 பேர் இல்லை, 79 பேர்தான். "ஒழுங்கா ஓட்டுங்க, முடியலைன்னா நிறுத்திடுங்க" என்பது போல இரண்டு குறி பெற்றவர்கள் 4 பேர். ஆட்களை எண்ண இதைப் போட்டோம்:

```
=SUMPRODUCT(--((F2:F255+G2:G255+H2:H255)>0))
```

ஒருவருக்குப் பல குறி இருக்கலாம் என்பதால், எல்லாத் தலைப்புகளின் விழுக்காட்டையும் கூட்டினால் 100-ஐத் தாண்டும். அது தப்பில்லை. ஆனால் அறிக்கையில் அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட கணக்கை வட்ட வரைபடத்தில் போடவும் கூடாது. வட்டம் என்றாலே பங்குகள் சேர்ந்து 100 என்று அர்த்தம். பட்டை வரைபடம் போடுங்கள்.

ஒரே 23, நான்கு விழுக்காடு

'நிறுத்து' என்று 23 பேர் சொன்னார்கள். இதை எப்படிச் சொல்வது? இரவு பஸ்ஸைப் பற்றிப் பேசிய 79 பேரில் என்றால் 29 விழுக்காடு. ஏதாவது சொன்ன 254 பேரில் என்றால் 9. பாரம் அனுப்பிய 346 பேரில் 7. விடுதியின் 412 பேரில் 6. நான்கும் பொய் இல்லை. ஆனால் "29 விழுக்காட்டினர் நிறுத்தச் சொல்கிறார்கள்" என்று மட்டும் ஸ்லைடில் போட்டால், கேட்பவர் விடுதியில் மூன்றில் ஒருவர் என்று நினைத்துவிடுவார்.

எங்கள் முடிவு: அறிக்கை முழுவதும் ஒரே அடிப்படை, 254. விழுக்காட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஆள் எண்ணிக்கை. "254 பேரில் 23 பேர், 9 விழுக்காடு" என்று.

எதிர்ப்பக்கத்திலும் இதே மாதிரி ஒரு குழி இருக்கிறது. அக்கா உற்சாகத்தில், "அப்போ 91 விழுக்காட்டினருக்கு இரவு பஸ் வேணும்!" என்றார். இந்தத் தடவை தடுத்தது நான். மீதிப் பேர் அதைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான். நாங்கள் கேட்டது "எதை மாற்ற வேண்டும்" என்ற திறந்த கேள்வி. அவரவருக்கு அந்த நேரத்தில் மனத்தில் மேலே நின்றது வந்திருக்கிறது. சொல்லாதது சம்மதமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. எத்தனை பேருக்கு பஸ் வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், எல்லாரிடமும் "வாரத்தில் எத்தனை இரவு ஏறுகிறீர்கள்?" என்று நேராக ஒரு மூடிய கேள்வி கேட்க வேண்டும். திறந்த கருத்து என்ன பிரச்சினை, ஏன் பிரச்சினை என்பதைக் காட்டும். எத்தனை பங்கு என்பதை அது அளக்காது.

ஒரே மாதிரி பதினொன்று

23-ஐ மறுபடி படித்தபோது 11 கருத்துகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன: "இரவு பஸ்ஸை நிறுத்தி அந்தக் காசில் காலை பஸ் கூட்டவும்." ஒரே கட்டடத்தின் வாட்சாப் குழுவில் யாரோ எழுதிப் போட, மற்றவர்கள் ஒட்டியிருக்கிறார்கள். கூட்டத்தில் வாசித்த ஐந்தில் இரண்டும் இதுதான்.

இதை என்ன செய்வது? "காப்பி அடிச்சதைத் தூக்கிடு" என்று மனசு சொன்னது. ஆனால் 11 பேரும் தனித்தனி ஆட்கள். பாரத்தைத் திறந்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்களை நீக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதே நேரத்தில், அது 11 பேர் தனித்தனியாக யோசித்துச் சொன்னதற்குச் சமமும் இல்லை. ஆகவே நீக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "23 பேர், இதில் 11 பேரின் வாசகம் ஒன்றே, ஒரே கட்டடத்திலிருந்து வந்தவை" என்று எழுதினோம். எடை போடுவதைப் படிப்பவரிடம் விட்டுவிட்டோம். ஒரே ஆள் இரண்டு தடவை அனுப்பியிருந்தால் அது வேறு கதை. கடைசியாக அனுப்பியதை மட்டும் எடுப்பது என்று முன்பே விதி வைத்திருந்தோம்.

மூன்று பேர்

கடைசியாக ஒன்று. என் முதல் அறிக்கை வரைவில் தலைப்புகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஐந்து பேருக்குக் குறைவான எல்லாவற்றையும் 'மற்றவை' என்று கட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அக்கா 'மற்றவை'யைத் திறந்து பார்த்தார். அதற்குள் மூன்று மாணவிகள் எழுதியது கிடந்தது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுத்தத்தில் விளக்கு எரிவதில்லை என்று மூவரும் எழுதியிருந்தார்கள். அங்கே 10.30 பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது யாரோ தன்னைப் பின்தொடர்ந்ததாக ஒருவர் எழுதியிருந்தார்.

254-இல் மூன்று என்றால் ஒரு விழுக்காடு. எண்ணிக்கைப்படி அது கடைசி வரிசை. ஆனால் எண்ணிக்கை எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. விஷயம் எவ்வளவு கனமானது என்பதை அல்ல. அன்றிலிருந்து எங்கள் ஏட்டில் 'பாதுகாப்பு' தனிக் குறி. ஒரே ஒருவர் எழுதினாலும் அது 'மற்றவை'க்குள் போகாது. அறிக்கைக்குக் காத்திருக்காமல் அன்றே விடுதி அதிகாரிக்குப் போக வேண்டும். அவர்களுடைய வாசகத்தை அப்படியே காட்டவில்லை. ஒருவர் ஆய்வுக்கூடத்தின் பெயரையும் கிழமையையும் குறிப்பிட்டிருந்ததால் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். விஷயத்தை மட்டும் எங்கள் வார்த்தையில் சொன்னோம்.

இந்த மூன்றையும் அந்த 41-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் படம் முழுமையானது. பஸ் நேரத்துக்கு வராததால்தான் அந்த இருட்டில் அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது. "இரவு பஸ் பற்றி 61 புகார்" என்ற என் முதல் ஸ்லைடு போயிருந்தால், அந்தப் புகார்களை வைத்தே பஸ்ஸை நிறுத்தியிருப்பார்கள்.

அறிக்கையில் எழுதியது

குழுவில் நாங்கள் வைத்த பத்தி இதுதான்:

"412 பேரில் 346 பேர் பாரம் அனுப்பினர், 254 பேர் கருத்து எழுதினர். ஒருவர் பல விஷயங்களைச் சொல்லியிருக்கலாம். இரவு பஸ் பற்றி எழுதியவர்கள் 79 பேர்: நம்பும்படி ஓட்டக் கேட்டவர்கள் 41 (16 விழுக்காடு), நிறுத்தக் கேட்டவர்கள் 23 (9 விழுக்காடு; இதில் 11 ஒரே வாசகம், ஒரே கட்டடம்), கூட்டக் கேட்டவர்கள் 19 (7 விழுக்காடு). இரண்டு கருத்து சொன்னவர்கள் 4. இருவர் தனித்தனியாகக் குறியிட்டனர். 'நிறுத்து' குறிக்கு, விதியைத் திருத்திய பின் புதிய 60 கருத்துகளில் கப்பா 0.81. இது விடுதி முழுவதின் வாக்கெடுப்பு அல்ல. பாதுகாப்பு பற்றிய 3 கருத்துகள் தனியாக ஒப்படைக்கப்பட்டுள்ளன."

மேற்கோள் காட்டியபோதும் ஒரு விதி வைத்தோம். மூன்று நிலைப்பாட்டுக்கும் ஒவ்வொரு மேற்கோள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் சொன்னவர்களின் எண்ணிக்கை. காரசாரமான ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டால், படிப்பவர் மனத்தில் 23-ம் 41-ம் மறைந்து அந்த வரிதான் நிற்கும்.

கூட்டத்தில் அந்த அண்ணன் பத்தியை இரண்டு தடவை படித்தார். "அப்போ நான் வாசிச்ச அஞ்சும் பொய்யில்லை, ஆனா அது அஞ்சுதான்" என்றார். இரவு பஸ்ஸை நிறுத்தும் பேச்சு அன்றோடு நின்றது. அடுத்த பாரத்தில் எத்தனை இரவு ஏறுகிறீர்கள் என்ற கேள்வியைச் சேர்த்தோம். நூலகத்துக்குப் பின்னால் இப்போது விளக்கு எரிகிறது.

அடுத்த முகாம் முடிந்து பாரங்கள் உங்கள் கைக்கு வரும்போது, அவற்றைப் படிக்க இன்னொருவரையும் கூப்பிடுங்கள். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.